கயல் எந்தப் படத்தை எடுப்பாள்?

கேள்வி: கடலூரில் ஒரு தொடக்கப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு எடுக்கிறேன். பிள்ளைகளுக்காக ‘நேர்மையின் பரிசு’ என்று ஒரு சிறுகதை எழுதினேன். குழந்தைகள் தின ஓவியப் போட்டியில் சிறந்த படத்தைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு லீடர் கயலுக்கு வருகிறது. தலைப்பு ‘இயற்கை’. உயிர்த்தோழி மதுவும் இன்னொரு தோழி சபீனாவும் வரைந்திருக்கிறார்கள். யாரை எடுத்தாலும் மற்றவள் வருத்தப்படுவாளே என்று கயலுக்குப் பயம். இரவில் பாட்டி, “மனசாட்சிப்படி நட” என்கிறாள். மறுநாள் கயல், அருள் என்ற ஏழைப் பையனின் படத்தை எடுக்கிறாள். தோழிகள் கோபித்துக்கொண்டு, பிறகு புரிந்துகொள்கிறார்கள். டீச்சர் எல்லோருக்கும் சாக்லேட் கொடுத்து, “அனைவரும் வெற்றியாளர்களே” என்கிறார். வகுப்பில் படித்துக் காட்டினேன். பிள்ளைகள் அமைதியாகக் கேட்டார்கள், ஒரு கேள்வியும் கேட்கவில்லை. ஒரு சிறுவர் இதழும் திருப்பி அனுப்பிவிட்டது. எங்கே தவறு? கதையை இணைத்திருக்கிறேன்.
— ஆசிரியை, கடலூர்

அன்புள்ள டீச்சர்,

கதையைப் படித்து முடித்ததும் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, அதில் வரும் மூன்று படங்களையும் வரைந்து பார்க்க உட்கார்ந்தேன். பென்சில் நகரவில்லை. மதுவின் படம் ‘மிக அழகாக இருந்தது’, சபீனாவின் படம் ‘வண்ணமயமாக இருந்தது’, அருளின் படம் ‘உயிரோட்டமாக இருந்தது’. மூன்று படங்களைப் பற்றியும் நீங்கள் எழுதியிருப்பது இவ்வளவுதான். ஓவியப் போட்டியைப் பற்றிய கதையில் ஓவியமே கண்ணில் படவில்லை.

உங்கள் வகுப்பு அமைதியாக இருந்ததற்குக் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன். கயல் யாரைத் தேர்ந்தெடுப்பாள் என்று கேட்டுக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு, தானும் மனசுக்குள் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வழி வேண்டும். “ஐயோ, அதை எடுக்காதே, இதை எடு” என்று வாய்க்கு வர வேண்டும். படம் தெரியாதபோது அந்தப் பிள்ளைக்கு மிஞ்சுவது ஒன்றுதான், கதை சொல்பவர் யாரை நல்லவராகக் காட்டுகிறார் என்று பார்த்து, அவருக்குத்தான் பரிசு என்று ஊகிப்பது. அருள் ஏழை, அமைதியானவன் என்று முதல் பக்கத்திலேயே சொல்லிவிட்டீர்கள். அங்கேயே விடை வெளியே வந்துவிட்டது.

ஆகவே திருத்தத்தைப் படங்களிலிருந்து தொடங்குவோம். முதலில் போட்டித் தலைப்பை ‘எங்க ஊர்’ என்று மாற்றிவிடுங்கள். ‘இயற்கை’ என்றால் எதை வரைந்தாலும் சரி. ‘எங்க ஊர்’ என்றால் கயலின் கையில் ஓர் அளவுகோல் வந்துவிடுகிறது. அந்த அளவுகோல் இருப்பது அவளுக்கே முதலில் தெரியாது என்பதுதான் நமக்குச் சாதகம்.

மதுவின் படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதை உங்கள் வகுப்பிலேயே நாற்பது தடவை பார்த்திருப்பீர்கள். இரண்டு முக்கோண மலை, நடுவில் பாதிச் சூரியன், ஸ்கேல் வைத்துப் போட்ட கதிர்கள், மலையிலிருந்து வளைந்து வளைந்து இறங்கும் ஆறு, ஒரு குடிசை, ஒரு தென்னை, மேலே டிக் அடித்தது போல நாலு பறவை. தமிழ்நாட்டில் ‘சீனரி வரை’ என்றால் எந்தப் பிள்ளையும் இதைத்தான் வரையும். மது அதை வகுப்பிலேயே சுத்தமாக வரைகிறவள். வண்ணம் கோட்டைத் தாண்டாது. சுற்றி இரட்டை பார்டர். ஆற்றில் வெள்ளி நிற ஸ்கெட்ச். அந்த வெள்ளி நிறம் கயலின் இருபத்து நாலு கலர் டப்பாவிலிருந்து அவளே இரவல் கொடுத்ததாக இருக்கட்டும். படத்தின் பின்னால்தான் பெயர் எழுதியிருக்கிறது என்றாலும், வெள்ளி ஆறு தெரிந்த அந்த நொடியே அது யார் படம் என்று கயலுக்குத் தெரிந்துவிடும். பெயரை மறைத்துவிட்டால் பாரபட்சம் போய்விடும் என்று பெரியவர்கள் நினைக்கிறோம். ஒரே பெஞ்சில் உட்காரும் பிள்ளைகளுக்கு அடுத்தவள் ரப்பர் போட்டு அழிக்கும் விதம்கூடத் தெரியும்.

இதில் ஒரு விஷயம் கவனித்தீர்களா? கடலூரில் ஏது இப்படி முக்கோண மலை? கிழக்கே வங்கக்கடல், கேப்பர் மலை என்று நாம் சொல்வதும் தாழ்ந்த மேடுதான். நம்மூர் சூரியன் கடலிலிருந்து எழும்புகிறது, தேவனாம்பட்டினம் கரையில் போய் நின்றால் எவரும் பார்க்கலாம். மது தினமும் பார்க்கும் சூரியன் ஒன்று, வரையும் சூரியன் வேறொன்று. இதைக் கதையில் யாரும் வாய்விட்டுச் சொல்ல வேண்டாம். கயல் படத்தைப் பார்த்துக்கொண்டே ஜன்னல் பக்கம் ஒரு தடவை திரும்பினால் போதும். கேட்கும் பிள்ளைகளில் ஒன்று, “மிஸ், நம்ம ஊர்ல இப்படி மலையே இல்ல!” என்று கத்தும். அந்தப் பிள்ளை கதைக்குள் வந்துவிட்டது என்று அப்போது தெரிந்துகொள்ளலாம்.

சபீனாவின் படம் சில்வர் பீச். இதில் எல்லாமே இருக்கிறது. ஐஸ் வண்டி, பலூன்காரர், ராட்டினம், அம்மா, அத்தா, தம்பி, நாய். எல்லாம் கீழ்க்கோட்டில் வரிசையாக, ஒன்றையொன்று தொடாமல் நிற்கின்றன. கடல் மேலே ஒரு நீலப் பட்டை. ஐஸ் வண்டி கடலைவிடப் பெரிது. பார்த்தால் சிரிப்பு வரும், சந்தோஷமாகவும் இருக்கும். எனக்கு இந்தப் படம் ரொம்பப் பிடித்திருக்கிறது. மோசமான படம் என்று ஒன்றைக் கதையில் வைக்காதீர்கள், வைத்தால் கயலின் வேலை சுலபமாகிவிடும்.

அருளின் படத்தைப் பார்த்தவுடன் பிடிக்கக் கூடாது. மழைத் தண்ணீர் நிற்கும் ஒரு சந்து. கறுப்பும் நீலமும் என இரண்டே கிரேயான். ஓரிடத்தில் அழித்து அழித்துத் தாள் மெலிந்து ஓட்டை விழுந்திருக்கிறது. நடுவில் ஒரு சைக்கிள், ஆனால் பாதிதான் இருக்கிறது. ஹேண்டில் பாரும் சீட்டும் சக்கரத்தின் மேல்பாதியும் தெரிகின்றன. கீழ்ப்பாதி இருக்க வேண்டிய இடத்தில் தண்ணீர். சைக்கிளுக்குப் பின்னால் ஒரு வாசற்படி, அதையும் சைக்கிள் கொஞ்சம் மறைக்கிறது.

இந்த அரைச் சக்கரம்தான் உங்கள் கதையின் அச்சு. ஏன் என்று கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன், கதையில் வைப்பதற்காக அல்ல, நீங்கள் தெரிந்துகொண்டு எழுதுவதற்காக. குழந்தைகள் படம் வரைவது எப்படி வளர்கிறது என்று ஆராய்ந்தவர்களில் முக்கியமானவர் விக்டர் லோவன்ஃபெல்ட். 1947-ல் அவர் வெளியிட்ட வரிசையின்படி, ஏறத்தாழ ஏழு முதல் ஒன்பது வயது வரை குழந்தை தனக்குத் தெரிந்ததை வரைகிறது. கீழே ஒரு தரைக்கோடு போட்டு, அதன்மேல் எல்லாவற்றையும் நிறுத்தும். சக்கரம் வட்டம் என்று தெரியும், ஆகவே தண்ணீருக்குள் இருந்தாலும் முழு வட்டம் போடும். வீட்டுச் சுவர் வழியாக உள்ளே இருக்கும் கட்டிலையும் காட்டும். ஒன்பதைத் தாண்டும்போதுதான் கண்ணுக்குத் தெரிவது எது, தெரியாதது எது என்ற யோசனை படத்துக்குள் வருகிறது. முன்னால் இருப்பது பின்னால் இருப்பதை மறைக்கத் தொடங்குகிறது. சபீனாவின் படம் முதல் வகை, அருளின் படம் இரண்டாம் வகை. இரண்டும் ஐந்தாம் வகுப்பில் ஒரே நேரத்தில் இருக்கும், அதில் குறை ஒன்றும் இல்லை. மதுவின் சீனரி இரண்டிலும் சேராது. அது வளர்ச்சிப் படியைக் காட்டுவதில்லை, மனப்பாடத்தைக் காட்டுகிறது.

இன்னொரு தகவல் உங்கள் கதைக்கு நேராகவே பொருந்துகிறது. ஒன்பதைத் தாண்டிய இந்த வயதைத்தான் லோவன்ஃபெல்ட், பிள்ளைகள் கூட்டம் சேரும் வயது என்றும் சொல்கிறார். வீட்டாரின் சொல்லைவிடக் கூட்டாளிகளின் முகம் பெரிதாகிவிடும் பருவம். அதாவது ஒரு படம் ஏன் நன்றாக இருக்கிறது என்று பார்க்கும் கண் திறக்கிற அதே வயதில்தான், அதைச் சொன்னால் தோழி என்ன நினைப்பாள் என்ற பயமும் வருகிறது. கயலின் அவஸ்தை முழுக்க இதில் அடங்கியிருக்கிறது. அவளை எட்டு வயதுப் பிள்ளையாக எழுதியிருந்தால் இந்தக் கதையே கிடையாது.

சரி, பயத்துக்கு வருவோம். ‘கயலுக்குப் பயமாக இருந்தது’, ‘அவள் நெஞ்சு படபடத்தது’, ‘தூக்கம் வரவில்லை’ என்று மூன்று இடங்களில் எழுதியிருக்கிறீர்கள். எதற்குப் பயம்? ‘தோழிகள் வருத்தப்படுவார்கள்’ என்பது பெரியவர்கள் வைக்கும் காரணம். பத்து வயதில் பயத்துக்கு விலாசம் உண்டு. மத்தியானம் யாரோடு டிபன் பாக்ஸ் திறப்பது? சாயங்காலம் மஞ்சக்குப்பம் மைதானம் வரைக்கும் யாரோடு நடந்து போவது? அடுத்த வாரம் மதுவின் பிறந்தநாளுக்குக் கூப்பிடுவாளா? இதில் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். நான் என்றால் நடந்து போவதை எடுப்பேன், ஏனென்றால் அதைக் காட்ட முடியும். முதல் நாள் மூவரும் தோளில் கை போட்டுக்கொண்டு போகிறார்கள் என்று ஒரு வரி இருந்தால், கடைசியில் அந்த வழி எப்படி இருக்கும் என்று வாசிக்கும் பிள்ளையே யோசித்துக்கொள்ளும்.

பயந்த பிள்ளை என்ன செய்யும் என்றும் பாருங்கள். படுத்துக்கொண்டு விட்டத்தைப் பார்க்காது. தப்பிக்க வழி தேடும். உங்கள் கதை நடப்பது நவம்பர் இரண்டாம் வாரம், கடலூரில் வடகிழக்குப் பருவமழை உச்சத்தில் இருக்கும் நேரம். அப்படியிருக்க உங்கள் கதையில் ஒரு துளி மழை இல்லையே! கயல் ராத்திரி டிவி முன்னால் உட்கார்ந்து கலெக்டர் லீவு விடுவாரா என்று பார்க்கட்டும். எல்லாப் பிள்ளைகளும் அதற்குத்தான் காத்திருக்கும், இவள் மட்டும் வேறு காரணத்துக்காகக் காத்திருக்கிறாள். பாட்டியை இங்கே வைத்துக்கொள்ளுங்கள், அறிவுரையை மட்டும் எடுத்துவிடுங்கள். “இந்த மழைக்கெல்லாம் லீவு விட மாட்டாங்க, போய்ப் படு” என்று பாட்டி சொன்னால் போதும். அந்த ஒரு வரி கயலை இன்னும் இறுக்கும். ‘மனசாட்சிப்படி நட’ என்ற வரி முடிச்சை அவிழ்த்துவிடுகிறது. அதற்குப் பிறகு மறுநாள் வகுப்பில் நடப்பதெல்லாம் பாட்டி சொன்னதை நிறைவேற்றும் வேலையாகிவிடும்.

இரண்டாவது தப்பிக்கும் வழி ஓட்டெடுப்பு. “யாருக்கு எது பிடிச்சிருக்கு, கை தூக்குங்க” என்று கயல் கேட்கிறாள். மது உட்காரும் வரிசை முழுக்க மதுவின் படத்துக்குக் கை தூக்குகிறது, படத்தைத் திரும்பிக்கூடப் பார்க்காமல். பையன்கள் எல்லோரும் எந்தப் பொண்ணுக்கும் தூக்குவதில்லை என்று முடிவெடுத்திருக்கிறார்கள். அருள் தன் படத்துக்கே கை தூக்கவில்லை. பிள்ளைகள் ஆளுக்கு ஓட்டுப் போடுகிறார்கள், படத்துக்குப் போடவில்லை என்பது கயலுக்குத் தெரிந்துவிடுகிறது. பந்து திரும்ப அவளிடமே வருகிறது. சாட் பூட் திரி, சீட்டுக் குலுக்கல் என்று இன்னும் வழிகள் தோன்றும். இரண்டோடு நிறுத்துங்கள். மூன்றாவதில் பிள்ளைகளுக்குச் சலிப்பு வரும்.

டீச்சர் ஏன் இந்த வேலையைக் கயலிடம் விடுகிறார் என்பதற்கும் உங்கள் கதையில் காரணம் இல்லை. ‘பொறுப்புணர்வை வளர்ப்பதற்காக’ என்கிறீர்கள். உள்ளதைச் சொல்லுங்கள் டீச்சர், அந்த மத்தியானம் கையில் போனோடு, பள்ளி விவரங்களை ஏற்றும் எமிஸ் பதிவில் உட்கார்ந்திருப்பீர்கள். “நான் எமிஸ் போடணும், நாளைக்குள்ள நல்லதா ஒண்ணை எடுத்து போர்டுல குத்தி வை கயல்.” இப்படித்தான் பள்ளியில் அதிகாரம் பிள்ளைகளின் கைக்கு வருகிறது, அவசரத்தில், ஒரு குண்டூசிப் பெட்டியோடு. ‘நல்லதா’ என்றால் எது என்று டீச்சர் சொல்லவில்லை. சுத்தமா இருப்பதா, அசல் மாதிரி இருப்பதா, புதுசா இருப்பதா? கயலுக்கு அதுதான் பெரிய சிக்கல். அதை டீச்சரின் அந்த ஒற்றைச் சொல்லிலேயே நட்டுவிடலாம்.

அதிகாரம் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. உங்கள் கதையில் கயல் லீடர். ஆனால் லீடர் தினமும் செய்யும் ஒரு காரியம் கதையில் எங்கும் வரவில்லை. டீச்சர் வெளியே போனதும் போர்டு ஓரத்தில் ‘பேசியவர்கள்’ என்று தலைப்புப் போட்டு, பெயர் எழுதுவது! திரும்பப் பேசினால் பெயருக்குப் பக்கத்தில் பெருக்கல் இரண்டு, பெருக்கல் மூன்று. எந்த லீடரும் தன் உயிர்த்தோழியின் பெயரை அங்கே எழுதுவதில்லை என்பது வகுப்பில் அத்தனை பேருக்கும் தெரியும். அருளின் பெயர் தினமும் இருக்கும். ஆக, போட்டி வருவதற்கு முன்பே கயல் தேர்ந்தெடுத்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். இதை முதல் பத்தியில் போகிற போக்கில் வைத்துவிட்டால், கதை முழுக்க அது அடியில் ஓடும். அருள் அமைதியான ஏழைப் பையனாக இருக்கவும் வேண்டியதில்லை. வாயாடியாக, கயலைப் பார்த்து “லீடர்னா பெரிய இவளா?” என்று கேட்கிறவனாக மாற்றிவிடுங்கள். பாவப்பட்டவனுக்குப் பரிசு கொடுத்தால் அது இரக்கம் போலத் தெரியும். பிடிக்காதவனின் படத்தை எடுத்தால்தான் அது தேர்வு. தோழிகளும், “அவன் வாய்க்குப் பயந்துட்டா” என்று சொல்ல இடம் கிடைக்கும்.

தேர்ந்தெடுக்கும் அந்தக் கட்டத்தை மட்டும் எழுதிப் பார்த்தேன். இதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம், அளவு தெரிவதற்காகத் தருகிறேன்:

“கயல் மூன்று படங்களையும் மேஜையில் பரப்பினாள். வெள்ளி ஆறு மினுங்கியது. மது முதல் பெஞ்சில் உட்கார்ந்து ஸ்கேலை மடியில் தட்டிக்கொண்டிருந்தாள்.

கயல் மதுவின் படத்தைக் கையில் எடுத்தாள். மலை. ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். வேப்பமரம், சுவர், அதற்கு அப்பால் ஒன்றுமில்லாத வானம்.

படத்தைக் கீழே வைத்தாள்.

அருளின் படத்தில் சைக்கிளை யாரோ பாதியில் விட்டுவிட்டது போல இருந்தது. சோம்பேறி, முடிக்கவே இல்லை என்று நினைத்தாள். அப்புறம் காலையில் தங்கள் தெருமுனையில் நின்ற பால்காரரின் சைக்கிள் ஞாபகம் வந்தது. அதற்கும் சக்கரம் பாதிதான் இருந்தது.

‘சீக்கிரம்டி,’ என்றாள் சபீனா.

கயல் குண்டூசியை எடுத்தாள்.”

இதில் ‘சிறந்தது’, ‘நேர்மை’, ‘மனசாட்சி’ எதுவும் இல்லை. அரைச் சக்கரத்துக்கான காரணத்தைக் கயல் வாய்விட்டுச் சொல்வதும் இல்லை. பத்து வயதில் அதைச் சொல்லத் தெரியாது, பார்க்கத்தான் தெரியும். “ஏன் அருள் படத்தை எடுத்தே?” என்று மது கேட்டால், “தெரியல, அதையே பாத்துட்டு இருந்தேன்” என்பதுதான் கயலின் வாயிலிருந்து வரக்கூடிய பதில். மதுவுக்கு அது போதாது. போதாமல் இருப்பதே சரி.

முடிவுக்கு வருவோம். சாக்லேட்டை எடுத்துவிடுங்கள். எல்லோரும் வெற்றியாளர் என்று டீச்சர் அறிவித்தால், கயல் அவ்வளவு நேரம் பட்ட பாடு வீண் வேலையாகிவிடும். இதைக் கேட்கும் பிள்ளை, “அப்படின்னா எதுக்கு அவளைத் தேர்ந்தெடுக்கச் சொன்னாங்க?” என்று நினைக்கும், மரியாதைக்காகக் கேட்காமல் இருக்கும். தோழிகள் ‘புரிந்துகொண்டு கயலைக் கட்டிக்கொண்டார்கள்’ என்பதும் வேண்டாம். ‘நட்பில் விரிசல் விழுந்தது’ என்று அதற்கு முன்னால் எழுதியிருப்பதை அடித்துவிட்டு, மது காய் விட்டாள் என்று எழுதுங்கள். உங்கள் வகுப்பில் அதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது. பழம் விட எத்தனை நாள் ஆகும் என்று அவர்களே சொல்வார்கள்.

அருளும் நன்றி சொல்லக் கூடாது. போர்டில் தன் படத்தைப் பார்த்துவிட்டு, “கோணலா குத்தியிருக்கே” என்று சொல்லிவிட்டுப் போகட்டும்.

கடைசிக் காட்சிக்கு, முதல் பத்தியில் வைத்த பெயர்ப் பட்டியலைத் திரும்பக் கொண்டுவரலாம். மறுநாள் டீச்சர் வெளியே போகிறார். கயல் சாக்பீஸை எடுக்கிறாள். மது திரும்பி உட்கார்ந்து, கயலைப் பார்த்தபடியே, பக்கத்தில் இருப்பவளோடு சத்தமாகப் பேசத் தொடங்குகிறாள். சோதிக்கிறாள். கயல் எழுதினாளா இல்லையா என்று சொல்லாமல் நிறுத்த உங்களுக்கு ஆசை வரும். பெரியவர்கள் கதையில் அது நடக்கும். பத்து வயது வாசகர்களுக்கு, என்ன நடந்தது என்பது முடிந்திருக்க வேண்டும், என்ன நினைத்தார்கள் என்பது திறந்திருக்கலாம். ஆகவே அவள் எழுதட்டும். ‘மதுமிதா’ என்று முழுப் பெயரையும் எழுதட்டும். அதற்கு நேர் கீழே ‘அருள்’, பெருக்கல் இரண்டு. பரிசு வாங்கியவன் பேசாமலா இருப்பான்? வகுப்பு சிரிக்கும், கதை அங்கே நின்றுவிடலாம்.

நீளம் பற்றி ஒன்று. உங்கள் கதை ஆயிரத்து அறுநூறு சொல்லுக்குப் பக்கத்தில் இருக்கிறது. அதில் முதல் நானூறு, கயல் எப்படி நல்ல பிள்ளை, எப்படி முதல் மதிப்பெண் வாங்குவாள், பெரியவர்களை எப்படி மதிப்பாள் என்று போகிறது. அது முழுக்கப் போகட்டும். குண்டூசிப் பெட்டி கயல் கைக்கு வரும் இடத்தில் தொடங்குங்கள். சிறுவர் இதழில் படத்தோடு இரண்டு பக்கத்துக்கு எண்ணூறிலிருந்து ஆயிரம் சொல் தாராளம். வகுப்பில் வாசித்தாலும் பத்து நிமிடத்துக்குள் முடியும். உரையாடலை, “நீ ஏன் இவ்வாறு செய்தாய்?” என்ற பாடப்புத்தக நடையிலிருந்து, “ஏன்டி இப்படிப் பண்ணே?” என்று இறக்குங்கள். விவரிப்பு எழுத்து நடையில் இருக்கலாம், பிள்ளைகள் பேசுவது மட்டும் அவர்கள் பேசுவது போல இருக்கட்டும். இதழ்க்காரர்கள் அதை ஏற்பார்கள்.

எழுதி முடித்ததும் அனுப்புவதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள். கயல் குண்டூசியை எடுக்கும் இடம் வரைக்கும் வகுப்பில் வாசித்துவிட்டு நிறுத்துங்கள். மூன்று படங்களையும் ஆளுக்கொரு தாளில் வரையச் சொல்லுங்கள். பெரும்பாலான தாள்களில் சைக்கிள் பாதியாக வந்தால் உங்கள் விவரிப்பு போய்ச் சேர்ந்திருக்கிறது. முழுச் சக்கரமாக வந்தால் அந்த வரியைத்தான் திருத்த வேண்டும், பிள்ளைகளை அல்ல. எதை எடுப்பீர்கள் என்றும் கேளுங்கள். எல்லோரும் அருள் என்றால் மற்ற இரண்டு படங்களையும் நீங்கள் போதுமான அளவுக்கு நன்றாக வரையவில்லை. வகுப்பு மூன்றாகப் பிரிந்து சத்தம் போட்டால் தயங்காமல் அனுப்பிவிடலாம்.

‘நேர்மையின் பரிசு’ என்ற தலைப்பையும் மாற்றிவிடுங்கள், அது முடிவை அட்டையிலேயே சொல்லிவிடுகிறது. ‘அரைச் சக்கரம்’ என்று வைக்கலாம். உங்கள் பிள்ளைகள் வேறு பெயர் சொன்னால் அதையே வையுங்கள்.